ஒன்பது முப்பத்து நாலு

மஹ்ஜபின் செய்யும் வேலையை வீட்டில் யாருக்கும் முழுசாகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. கோயம்புத்தூரில் உள்ள ஒரு சின்ன கம்பெனி, ஓட்டல்களின் ரிசப்ஷனுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் செய்து விற்கிறது. எந்த ரூம் காலி, யார் புக் பண்ணியிருக்கிறார்கள், யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அது மக்கர் பண்ணினால் ஓட்டல்காரர்கள் மஹ்ஜபினுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். திரையில் வந்த எர்ரர் ஒரு படம், உள்ளே நடந்ததெல்லாம் வரிவரியாகப் பதிவாகிற லாக் இன்னொரு படம். இரண்டையும் பார்த்து, கோளாறு எங்கே என்று அவள் சொல்ல வேண்டும். "படத்தைப் பாத்தே வியாதி சொல்ற டாக்டர்" என்பான் அவள் கணவன் சஃபீர். கடைக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்வதில் அவனுக்கு ஒரு பெருமை.

கடை, கொடைக்கானல் பஜாரில் அவளைப் பெற்ற அத்தாவின் யூகலிப்டஸ் தைலக் கடை. அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தபோது கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வருவதாக அவள் சொன்னாள். கம்பெனி விடவில்லை, ஊரிலிருந்தே பாருங்கள் என்றது. கடைக்கு மேலே இருந்த சரக்கு அறையில் பாதியைத் தடுத்து ஒரு மேஜை போட்டாள். எட்டு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். லாப்டாப், சுடிதாரின் துப்பட்டா, தலைமயிர் எல்லாவற்றிலும் தைல வாசனை.

பெரும்பாலானவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாது. மானிட்டரை போனால் படம் பிடித்து அனுப்புவார்கள். டியூப்லைட் வெளிச்சம் குறுக்கே விழுந்திருக்கும், பிடித்தவரின் விரல் ஓரத்தில் இருக்கும், வேண்டிய வரியைத் தவிர மற்றதெல்லாம் விழுந்திருக்கும். நேரில் பார்த்திராத எத்தனையோ பேரை அவள் அந்த விரல்களை வைத்து அடையாளம் சொல்வாள்.

மணியன் மட்டும் ஒழுங்காக அனுப்புவார். நாயுடுபுரம் போகிற வழியில் சேனாதிபதி என்பவரின் ஓட்டலில் ரிசப்ஷனிஸ்ட். பழநிக்காரரான சேனாதிபதி மலைமேல் ஓட்டல் கட்டித் திறந்த நாளிலிருந்து மணியன் அங்கே இருக்கிறார். ஊர் போளூர், கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலையின் கடைசிக் கிராமங்களில் ஒன்று. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. கம்ப்யூட்டரை ஓட்டல் வந்த பிறகு பழகிக்கொண்டவர். முதல் தடவை மஹ்ஜபின், "அண்ணே, மேலேருந்து கீழ வரைக்கும் முழுசா எடுங்க, ஓரத்துல கடிகாரம் தெரியணும்" என்று சொன்னதுதான். அதன்பிறகு அவர் அனுப்பிய எந்தப் படத்திலும் ஒரு மூலை வெட்டுப்படவில்லை. அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். ஆனாலும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மே மாசக் காலையில் படம் அனுப்பியது மணியன் இல்லை. முதலாளி சேனாதிபதியே அனுப்பியிருந்தார். அனுப்பிய கையோடு போனும் அடித்தார்.

"அம்மா, கும்பகோணத்துலருந்து ஒரு குடும்பம். வயசானவங்க, கைப்பிள்ளை எல்லாம் சேத்து ஒரு வேன் ஆளுங்க. எட்டு ரூம் புக் பண்ணி, இ-பாஸ் வாங்கி, ராவெல்லாம் மலை ஏறி வந்து வாசல்ல நிக்கிறாங்க. கம்ப்யூட்டர்ல அவங்க பேரே இல்லைங்குது. இதுல அஞ்சு ரூமை இன்னைக்கு விடியக்காலையில எவனோ ஆன்லைன்ல எடுத்துட்டான். எனக்கு ஒண்ணும் புரியல. என்ன ஆச்சுன்னு பாத்துச் சொல்லு."

பின்னாலிருந்து ஒரு கிழவரின் இருமலும், குழந்தை அழுகிற சத்தமும் கேட்டன. யாரோ ஒரு பெண் நல்ல தஞ்சாவூர்த் தமிழில், "இப்ப எங்க போறது நாங்க" என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நிதானம்தான் மஹ்ஜபினை அவசரப்படுத்தியது.

முதல் படம் எர்ரர். நடுத்திரையில் சிவப்புப் பெட்டி: செக்-இன் ஃபெயில்டு, ரிசர்வேஷன் நாட் ஃபவுண்ட். அது நோயில்லை, நோயின் அடையாளம். பதிவு இல்லாததால் செக்-இன் ஆகவில்லை. பதிவு ஏன் இல்லை என்பதற்குப் பதில் லாக்கில்தான் இருக்கும். இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினாள். சேனாதிபதி அவசரத்தில் எடுத்தது. பாதி சாய்ந்திருந்தது, மேல்வரி படத்துக்குள் முழுசாக வராமல் எழுத்துகளின் கால்கள் மட்டும் தெரிந்தன. அதற்குக் கீழே வரிசையாக எட்டு வரிகள், எட்டு ரூமுக்கும்: ரிசர்வேஷன் கேன்சல்டு. ஒவ்வொன்றிலும் யூசர் மணியன். நேரம் இருபத்தொன்று முப்பத்து நாலு. அதாவது முந்தின நாள் இரவு ஒன்பது முப்பத்து நாலு. இன்னும் கீழே கடைசி வரி ஒன்று இருந்தது. செக்-இன் ஃபெயில்டு, நேரம் இரண்டு நாற்பத்திரண்டு. அந்த வரியில் அவள் கண் நிற்கவில்லை. தேடினது கிடைத்துவிட்டது.

"யாரோ கேன்சல் பண்ணியிருக்காங்க சார். தானா அழியல."

"யாரு? எத்தனை மணிக்கு?"

ஒரு நொடி தயங்கினாள். "மணியண்ணன் லாகின்ல இருந்து ஆயிருக்கு. நேத்து ராத்திரி ஒன்பது முப்பத்து நாலுன்னு தெரியுது."

ஒன்பது முப்பத்து நாலு என்றால் மணியனுடைய ஷிப்ட். பத்து மணிவரை கவுண்டரில் அவர் மட்டும்தான் இருப்பார். சீசன் நேரத்தில் புக் பண்ணின ரூமைக் கேன்சல் செய்துவிட்டு, வாசலில் நிற்கும் புரோக்கர் மூலம் கூடுதல் வாடகைக்குத் தள்ளிவிடுவது அந்த ஊரில் நடக்காத காரியம் இல்லை. சேனாதிபதி மனதில் ஓடியது அதுதான் என்று மஹ்ஜபினுக்கும் தெரியும்.

"சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மிச்சமிருந்த மூன்று ரூமில் அடங்காததால், கும்பகோணத்துக் குடும்பத்தை மூன்று லாட்ஜுகளில் பிரித்துத் தங்கவைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டாள். மத்தியானம் மணியன் போன் செய்தார். குரல் எப்போதும்போல் மெதுவாகத்தான் இருந்தது.

"மேடம், மொதலாளி ஏதேதோ சொல்றாருங்க. நான் கேன்சல் பண்ணலைங்க."

"அண்ணே, நான் உங்களைத் தப்பா சொல்லல. லாக்ல உங்க பேரு இருக்கு, அதைத்தான் சொன்னேன்."

"ஒன்பதரைக்குன்னீங்களாமே. ஒன்பதரைக்குக் கரண்டே இல்லைங்க மேடம். ஒன்பதே காலுக்குப் போன கரண்டு பத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வந்துச்சு. நான் மெழுகுவர்த்தி வாங்கிட்டு வந்து ரூம் ரூமாக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"கவுண்டர் சிஸ்டத்துக்கு யூபிஎஸ் இருக்கில்லண்ணே."

"பேட்டரி போயி ரெண்டு மாசமாச்சுங்க. கரண்டு போனா உடனே அணைஞ்சிரும். கரண்டு வந்தப்புறம் போட்டு, என் பேர்ல லாகின் பண்ணி, கணக்கை முடிச்சிட்டு, வாட்ச்மேன் பாத்துக்கட்டும்னு அப்படியே விட்டுட்டுப் போனேன். எப்பவும் அப்படித்தாங்க. கொஞ்சம் மறுபடியும் பாத்துச் சொல்லுங்க மேடம்."

அந்த நேரத்தில் ஊட்டியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இரண்டு ஓட்டல்கள் காத்திருந்தன. சீசன் தொடங்கினால் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பேட்டரி போயிருக்கும், ஆனாலும் ஐந்து நிமிஷம் தாங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அல்லது அவர் நேரத்தை மறந்திருப்பார். அல்லது, அவளுக்கு இப்போது நினைத்தாலும் கூசுகிறது, செய்திருப்பார்.

"லாக் பொய் சொல்லாதுண்ணே" என்றாள்.

மணியன் எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, அவள் வைப்பதற்காகக் காத்திருந்தார். அவள்தான் வைத்தாள்.

அதற்குப் பிறகு நான்கைந்து நாள் அந்த ஓட்டலிலிருந்து படம் எதுவும் வரவில்லை. அதை அவள் கவனிக்கக்கூட இல்லை.

ஏற்காட்டில் ஒரு ஓட்டல். அங்கே ரிசப்ஷனில் இருந்த பெண் புதுசு. ஆனால் படம் எடுக்கத் தெரிந்தவள். காலையில் வந்த இரண்டு படங்களும் கம்ப்யூட்டரிலேயே எடுத்த சுத்தமான ஸ்கிரீன்ஷாட். அதே சிவப்புப் பெட்டி. அதே ரிசர்வேஷன் நாட் ஃபவுண்ட். லாக்கில் மூன்று பதிவுகள் கேன்சல், இருபத்தொன்று முப்பத்தொன்றுக்கு. மஹ்ஜபினுக்கு உள்ளே ஏதோ இடறியது. இரண்டு ஊர், இரண்டு ஆள். ஏறக்குறைய ஒரே நேரம்.

இந்தப் படத்தில் மேல்வரி வெட்டுப்படவில்லை. கேன்சல் வரிகளுக்கு மேலே தெளிவாக இருந்தது: நைட் ஆடிட் ஸ்டார்ட்டட்.

நைட் ஆடிட் என்பது ஓட்டல் சாஃப்ட்வேர் தானாகச் செய்கிற வேலை. அன்றைய நாளை மூடி, கணக்கைச் சரிபார்த்து, மறுநாளைத் திறக்கும். யாரும் பட்டனைத் தொட வேண்டாம். கம்ப்யூட்டரில் எந்த லாகின் திறந்து கிடக்கிறதோ அந்தப் பேரிலேயே ஓடிவிடும். ஆனால் அது ஓடுவது விடியக்காலை மூன்று மணிக்கு. எல்லா ஓட்டலுக்கும் அதுதான் நேரம். ராத்திரி ஒன்பதரைக்கு அதற்கென்ன சோலி?

லாக்கின் கடைசி வரியைப் பார்த்தாள். செக்-இன் ஃபெயில்டு, ஒன்று ஐம்பது. எர்ரர் படத்தைப் பார்த்தாள். திரையின் வலது ஓரத்துக் கடிகாரம் ஏழு இருபது. சிவப்புப் பெட்டியும் அந்தக் கடைசி வரியும் ஒரே நிகழ்ச்சி. அந்தப் பெண் ஒரு தடவைதான் செக்-இன்னை அமுக்கியிருக்கிறாள். அது திரையில் ஏழு இருபது; லாக்கில் ஒன்று ஐம்பது. கழித்துப் பார்த்தாள். ஐந்தரை மணி நேரம்.

"ஒரு உதவி பண்ணுங்க" என்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாள். "இப்ப ஸ்கிரீன்ல ஏதாவது ஒரு ரூமைத் திறந்து மூடுங்க. லாக்ல கடைசியா என்ன நேரம் விழுகுதுன்னு பாருங்க."

"அஞ்சு மணின்னு காட்டுது மேடம். இப்ப மணி பத்தரை ஆகுதே."

மஹ்ஜபின் பழைய படங்களைத் தேடி எடுத்தாள். சேனாதிபதி அனுப்பியவை. இரண்டையும் லாப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு அவள் இப்படி வைத்துப் பார்க்கவில்லை; ஒன்றைப் பார்த்து மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்திருந்தாள். எர்ரர் படத்தின் ஓரத்தில் கடிகாரம் எட்டு பன்னிரண்டு. லாக் படத்தின் கடைசி வரி இரண்டு நாற்பத்திரண்டு. அதே ஐந்தரை மணி நேரம். இருபத்தொன்று முப்பத்து நாலோடு ஐந்தரையைக் கூட்டினால் விடியக்காலை மூன்று நாலு. மணியன் கவுண்டரை விட்டுப் போய், தன் அறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த நேரம். மேலே பாதி வெட்டுப்பட்ட வரியைப் பெரிதாக்கினாள். எழுத்துகளின் கால்கள் மட்டும்தான். ஆனால் இப்போது தெரிந்துகொண்டு பார்க்கையில், நைட் ஆடிட் ஸ்டார்ட்டட் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் அது இருக்க முடியாது.

எல்லாமே முதல் நாளிலிருந்து அவள் கையில் இருந்தது. மேல்வரி தெரியவில்லை, இன்னொரு படம் அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கரண்டு இல்லை என்று அந்த மனுஷன் சொன்னதை ஒரு நிமிஷம் மதித்திருந்தாலும் போதும். அணைந்து கிடந்த கம்ப்யூட்டர் எப்படி லாக் எழுதும்?

கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் எழுதுகிற குழுவில் சுசித்ரா அவளுக்குத் தோழி. கூப்பிட்டாள்.

"லாக் நேரத்தை மாத்திட்டீங்களா?"

"புது வெர்ஷன்ல மாத்திட்டோமே. இப்ப எல்லாம் யூடிசி. வெளிநாட்டு ஓட்டல் ஒண்ணு ரெண்டு சேர்ந்திருக்கு, எல்லாருக்கும் பொதுவா ஒரே நேரம் இருக்கட்டும்னு. மெயில் போட்டோமே, பாக்கலையா?"

மெயில் வந்திருந்தது. சீசன் பரபரப்பில் திறக்காமல் கிடந்த கூட்டத்தில் அதுவும் ஒன்று. யூடிசி என்கிற உலகப் பொது நேரம் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். எட்டு வருஷமாக லாக்கில் பார்த்த நேரம் ஊர் நேரமாகவே இருந்ததால், அவள் கண் அதை ஊர் நேரமாகவே படித்துவிட்டது.

"நைட் ஆடிட் ஏன் கேன்சல் பண்ணுது?"

சுசித்ரா பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட ஒரு மணி நேரம் ஆனது. குரல் இறங்கியிருந்தது. "நம்ம தப்புதான்டி. முன்பணம் வராத புக்கிங்கை ஆடிட் தானா கேன்சல் பண்ணற வசதி ஒண்ணு வச்சோம். அது புது வெர்ஷன்ல தானாவே ஆன் ஆகியிருக்கு. ட்ராவல் சைட் மூலமா வர்ற புக்கிங்குக்கு முன்பணத்தை அந்த சைட்டே வாங்கிக்கும், நம்ம கட்டத்துல அது காலியாத்தான் இருக்கும். காலின்னா வரலைன்னு எடுத்துக்கிட்டு அழிச்சிருக்கு. கேன்சல் ஆனதும் ரூம் காலின்னு சைட்டுக்குத் தகவல் போயி, வேற ஆள் எடுத்துடறான். இன்னைக்கே சரிபண்ணிடறோம்."

சரிபண்ணிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே எல்லா ஓட்டலுக்கும் திருத்தம் போய்விட்டது.

மஹ்ஜபின் சேனாதிபதிக்குப் போன் செய்யவில்லை. நேரில் போனாள். லேக் ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றன. பாதி தூரம் நடந்தே போனாள். ஓட்டல் கவுண்டரில் பழக்கமில்லாத முகம் ஒன்று நின்றது. சேனாதிபதி உள்ளே ஆபீஸ் அறையில் இருந்தார். அவள் லாப்டாப்பைத் திறந்து இரண்டு படங்களையும் வைத்து, கடிகாரத்தைக் காட்டி, வரியைக் காட்டி, எதையும் மழுப்பாமல் சொன்னாள். சாஃப்ட்வேரின் தப்பு, அதைப் படித்ததில் தன் தப்பு, இரண்டையும்.

அவர் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் அவரை வேலையை விட்டு நிறுத்தலம்மா" என்றார். "கேட்டேன். அவ்வளவுதான். ஆனா கேட்ட விதம் ஒண்ணு இருக்கில்ல. சமையல்காரங்க, ரூம்பாய்ங்க எல்லாரும் நிக்கிறப்பக் கேட்டேன். எந்தப் புரோக்கர்கிட்ட எவ்வளவு வாங்கினீங்கன்னு கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. மேடம்கிட்ட ஒருக்கா பேசிக்கிறேன்னாரு. மத்தியானம் உன்கிட்டப் பேசிட்டு வந்து, சாவிக்கொத்தை மேஜையில வச்சிட்டுப் போயிட்டாரு."

உன்னிடம் பேசிவிட்டு வந்து. அந்த வார்த்தையை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அவளுக்கு அங்கே உட்கார முடியவில்லை.

"போன் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு? இப்பப் பண்றேன்." பண்ணினார். எடுக்கவில்லை. போளூரில் சிக்னல் கிடைப்பதும் கிடைக்காததும் மேகத்தின் இஷ்டம்.

மறுநாள் வெள்ளனே எழுந்து மஹ்ஜபின் போளூர் பஸ் ஏறினாள். சஃபீர் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டாள். பூம்பாறை வளைவுகளில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மன்னவனூர் தாண்டியதும் பஸ்ஸில் உர மூட்டைகளும் அவளும் நாலைந்து பேரும்தான். என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் அது ஒரு கம்பெனிக் கடிதம் மாதிரியே வந்தது.

மணியனின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் தோட்டத்தில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார். ஓட்டல் கவுண்டரில் இஸ்திரி போட்ட சட்டையில் பார்த்தவரை, தலையில் துண்டும் முழங்காலில் மண்ணுமாகப் பார்க்க அவளுக்கு அடையாளம் பிடிபடவில்லை. அவருக்குப் பிடிபட்டது.

"வாங்க மேடம். இவ்வளவு தூரம் எதுக்குங்க வந்தீங்க" என்றார். பக்கத்திலிருந்த மனைவியிடம், "சின்னத்தாயி, டீ போடு" என்றார். சின்னத்தாயி எழுந்து போனாள்; வந்தவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மஹ்ஜபின் வரப்பில் உட்கார்ந்தாள். தயார் பண்ணியது எதுவும் வாயில் வரவில்லை. போனை எடுத்து இரண்டு படங்களையும் காட்டினாள்.

"அண்ணே, இது எர்ரர். இந்த ஓரத்துல மணி பாருங்க."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். "எட்டு பன்னெண்டு."

"இது லாக். இதே எர்ரர்தான் கடைசி வரி. இதுல மணி?"

"ரெண்டு நாப்பத்திரண்டு." கொஞ்ச நேரம் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பிறகு விரலால் மேலே தள்ளி, எட்டு வரிகளில் முதல் வரியில் நிறுத்தினார். உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறார். "அப்ப இது ராத்திரி மூணு மணிங்க."

"ஆமாண்ணே. நைட் ஆடிட். நீங்க லாகின் பண்ணி விட்டதுனால உங்க பேர்ல ஓடியிருக்கு. சாஃப்ட்வேர்ல தப்பு. அதைப் படிச்சதுல என் தப்பு. கரண்டு இல்லைன்னு நீங்க சொன்னீங்க. நான் கேக்கல."

மணியன் போனைத் திருப்பிக் கொடுத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். அப்படிப் பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நானும் அந்தப் படத்தைப் பாத்தேங்க" என்றார். "மொதலாளி காட்டினாரு. ஒன்பது முப்பத்து நாலுன்னு என் பேரு. ரெண்டு நாள் எனக்கே சந்தேகமாப் போச்சு. இருட்டுல ஏதும் கை பட்டிருக்குமோ, தூக்கக் கலக்கத்துல ஏதும் பண்ணிட்டேனோன்னு. லாக் பொய் சொல்லாதுன்னு நீங்களும் சொல்லியிருந்தீங்க. சரி, மேடமே சொல்றாங்களே, நான்தான் ஏதோ பண்ணிட்டேன் போலன்னு நெனச்சேங்க."

சின்னத்தாயி டீயோடு வந்திருந்தாள். டம்ளரை நீட்டிக்கொண்டே, யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னாள்: "ராத்திரியெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. எனக்கு மூளை கெட்டுப்போச்சா பாரு புள்ளன்னு கேப்பாரு."

மஹ்ஜபின் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவருடைய வேலை போனதைப் பற்றித்தான் அவள் வழியெல்லாம் வருத்தப்பட்டு வந்திருந்தாள். தன் கை மேலும் தன் நினைவு மேலும் ஒரு மனுஷனுக்கு இருந்த நம்பிக்கையைத் தான் பிடுங்கியிருப்போம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

"மன்னிச்சிருங்கண்ணே."

"அதெல்லாம் விடுங்க மேடம். டீயக் குடிங்க, ஆறுது."

"சேனாதிபதி சார் உங்களைத் திரும்பக் கூப்பிடுறாரு. நேத்தே போன் பண்ணினாரு, கெடைக்கல. நேர்லயும் வர்றேன்னாரு."

மணியன் பூண்டுச் செடி ஒன்றை எடுத்து மண்ணை உதறினார். "வேண்டாங்க. அவரு நல்ல மனுஷந்தான். ஆனா நான் போயி அந்தக் கவுண்டர்ல நின்னா, அன்னைக்கு நின்னு கேட்ட அத்தனை பேரும் அங்கதான் இருப்பாங்க. தப்பு இல்லைன்னு தெரிஞ்சாலும் அவங்க என்னைப் பாக்கிற பார்வை கொஞ்ச நாளைக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும். அதைவிட நான் ஒவ்வொரு பட்டனுக்கும் பயந்துகிட்டு நிப்பேன். அது சரிப்படாதுங்க."

சேனாதிபதி மறுவாரம் உண்மையிலேயே போளூர் போனார். ஜீப் எடுத்துக்கொண்டு போனவர், தனியாகத் திரும்பினார். ஓட்டல் வேலைக்காரர்கள் அத்தனை பேரையும் ரிசப்ஷனில் நிறுத்தி, மணியன் மேல் எந்தத் தப்பும் இல்லை, நான்தான் அவசரப்பட்டேன் என்று சொன்னதாக மஹ்ஜபினுக்குச் செய்தி வந்தது. அதைச் சொல்லும்போது மணியன் அங்கே இல்லை என்பதுதான் அதிலிருந்த குறை.

கொடைக்கானல் ஓட்டல்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ரூமை மாற்றி விற்ற ரிசப்ஷனிஸ்ட் என்று பேர் சொல்லாமல் ஒரு செய்தி அதில் அப்போதே சுற்றியிருந்தது; பேர் சொல்லாமலே எல்லாருக்கும் பேர் தெரிந்திருந்தது. மஹ்ஜபின் அதே குழுவில், இரண்டு படங்களையும் போட்டு, எது எப்படி ஆனது, யார் தவறாகப் படித்தது என்று தன் பேரைச் சொல்லி எழுதினாள். சிலர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருத்தர் தன் ஓட்டலில் வைஃபை வரவில்லை, அதற்கும் நீங்கள்தான் பார்ப்பீர்களா என்று கேட்டார். அவள் எழுதியது அரை நாளில் மேலே போய் மறைந்துவிட்டது.

கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய கடிதத்தில், நேரக் காட்சியில் ஏற்பட்ட சிறு வேறுபாட்டால் சில பதிவுகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று இருந்தது. சுசித்ராவிடம் சண்டை போட்டாள். இரண்டும் வேறு வேறு கோளாறு, நேரத்தால் பதிவு அழியவில்லை, ஆடிட்டால் அழிந்தது, அதையாவது சரியாகச் சொல்லுங்கள் என்றாள். சுசித்ரா முயன்றாள். கடிதம் மாறவில்லை. லாக்கில் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் யூடிசி என்று அச்சாகும்படி மட்டும் செய்ய முடிந்தது.

மஹ்ஜபின் வேலையை விடவில்லை. விட்டால் வீடு நடக்காது என்பது ஒன்று; அந்த வேலையை அவள் இன்னமும் நேசித்தாள் என்பது இன்னொன்று. ஆனால் முன்னைப்போல வெரசாகச் சொல்வதில்லை. படம் வந்ததும், இப்ப உங்க கடிகாரத்துல என்ன மணி என்று கேட்பாள். அந்த வரிக்கு மேலே இருப்பதையும் எடுத்து அனுப்பச் சொல்வாள். யார் பண்ணினது என்று கேட்டால், எந்த லாகின்ல பதிவாச்சுன்னுதான் இதுல தெரியும், யாருன்னு தெரியாது என்பாள். அங்கே நின்றவரை போனில் கூப்பிட்டு அவர் வாயால் நடந்ததைக் கேட்ட பிறகுதான், "இப்படி இருக்கணும்னு தோணுது, சோதிச்சுப் பாப்போம்" என்பாள். அவள் மெதுவாகிவிட்டாள் என்று இரண்டு ஓட்டல்கள் புகார் எழுதின. மேலாளர் கேட்டபோது, ஆமாம் என்று ஒத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், மூஞ்சிக்கல் பகுதியில் மருந்து வாங்கிவிட்டுத் திரும்பும்போது மணியனைப் பார்த்தாள். காய்கறி லோடு ஏற்றிவந்த வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இப்போது மேல்மலைத் தோட்டங்களிலிருந்து கேரட்டும் பீன்ஸும் வாங்கி வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்கு அனுப்புகிறாராம். அவளைப் பார்த்ததும் நின்றார்.

"மேடம், நல்லா இருக்கீங்களா? அத்தாவுக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்லண்ணே. கொஞ்சம் நடக்குறாங்க. நீங்க?"

"இருக்கேங்க. மழையில பீன்ஸ் பூராம் அழுகிப்போச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல."

வேறு எதையாவது கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ராத்திரி தூங்குகிறீர்களா என்று கேட்க முடியுமா? அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, எத்தனை மூட்டை என்று டிரைவரிடம் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி ஒருமுறை மூட்டைகளை எண்ணினார். பிறகு வேனைச் சுற்றி வந்து இன்னொருமுறை எண்ணினார். டிரைவர் சலித்துக்கொண்டே, "எண்ணினது போதும்ணே, சரியாத்தான் இருக்கு" என்றான்.

"இருக்கட்டும்ப்பா" என்றார் மணியன். மஹ்ஜபினைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, முதல் மூட்டையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடி தூறல் விழ, அவள் குடையை விரித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.